ரெக்ரூட்டர் இரண்டு வரி எழுதினால் நாம் எத்தனை வரி எழுதுவது?

கேள்வி: இன்டர்வியூ முடிந்த அன்று மாலையே ரெக்ரூட்டர் சாதாரணமாக இரண்டு மூன்று வரியில் மெயில் போட்டார். வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன் என்றார். வெள்ளி போய்விட்டது. திரும்பக் கேட்டு எழுத உட்கார்ந்தால் எனக்கு விண்ணப்பக் கடிதம் மாதிரிதான் வருகிறது. அவர் எழுதுகிற தொனியில், அவர் எழுதுகிற அளவில் எழுதுவது எப்படி? அப்படி எழுதினால் மரியாதைக் குறைவாகத் தெரியாதா?

பதில்:

முதலில், அவருடைய எந்த மெயிலைப் பார்த்து எழுதப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பலர் இந்த இடத்திலேயே தவறிவிடுகிறார்கள். ஆள் எடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: ஒரு ரெக்ரூட்டரிடமிருந்து உங்களுக்கு ஆறு மெயில் வந்திருந்தால், அதில் அவர் கைப்பட எழுதியது இரண்டோ மூன்றோதான் இருக்கும். விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்ற மெயில், அடுத்த கட்டத்துக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள் என்ற மெயில், இன்டர்வியூ நேரம் குறித்த அழைப்பு எல்லாம் ஏற்கெனவே எழுதி வைத்த டெம்ப்ளேட். பெயரையும் வேலையின் தலைப்பையும் மென்பொருள் நிரப்பி அனுப்பிவிடும். வேலை தேடும் தளங்களில் வருகிற முதல் செய்தியும் பெரும்பாலும் அப்படித்தான், ஒரே வாசகம் நாற்பது பேருக்குப் போயிருக்கும்.

டெம்ப்ளேட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. விண்ணப்பத்தில் நீங்கள் கொடுத்த முழுப்பெயர் இனிஷியலோடு அப்படியே இருக்கும். வேலையின் பெயர் எண்ணோடு சேர்ந்து முழுசாக வரும். எந்த வாக்கியமும் உங்களைப் பற்றி மட்டும் சொல்லாது, பெயரை மாற்றினால் வேறு யாருக்கும் பொருந்தும். கைப்பட எழுதிய மெயிலில் உங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்று இருக்கும். "இன்று பேசியதில்", "நீங்கள் கேட்ட அந்த விஷயம்", "மேனேஜர் ஊரில் இல்லை" என்று ஏதாவது. வரிகள் ஒழுங்கில்லாமல் இருக்கும், சில சமயம் ஓர் எழுத்துப் பிழைகூட இருக்கும்.

அளவுகோல் அந்தக் கைப்பட எழுதிய மெயில்தான், அதிலும் கடைசியாக வந்தது. டெம்ப்ளேட்டைப் பார்த்து அதன் தொனியில் எழுதினால், அவர் வாயிலிருந்து வராத ஒரு மொழியில் நீங்கள் அவரிடம் பேசுகிறீர்கள். உங்களுக்கு விண்ணப்பக் கடிதம் மாதிரி வருவதற்கு ஒரு காரணம் இதுவாகவே இருக்கலாம். அந்த நடை முதல் மெயில்களிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது.

உங்களுக்கு வந்த மெயில் ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்:

> வணக்கம்! இன்று பேசியதில் மகிழ்ச்சி. டீமிடம் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்குள் சொல்லிவிடுகிறேன். இடையில் ஏதாவது தேவைப்பட்டால் இங்கேயே எழுதுங்கள். நன்றி!

இதை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். மொத்தம் 15 சொற்கள். ஒரு சொல்லில் ஆரம்பம், ஒரு சொல்லில் முடிவு. நடுவில் மூன்று சிறிய வாக்கியங்கள், மூன்றும் பேசுகிற மாதிரி. நிறுவனத்தின் பெயர் இல்லை, வேலையின் பெயர் இல்லை, தேதி இல்லை. இரண்டு பேருக்கும் தெரிந்ததை அவர் திரும்பச் சொல்லவில்லை. கடைசியில் "இங்கேயே எழுதுங்கள்" என்கிறார். புதிதாக ஒரு மெயில் எழுதி உங்களை மறுபடி அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டாம், இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

இதற்குப் பதிலாக வழக்கமாக என்ன எழுதுவார்கள்? எனக்கு இந்த மாதிரி நூற்றுக்கணக்கில் வந்திருக்கின்றன:

> மதிப்பிற்குரிய அம்மையீர்,
> கடந்த செவ்வாய்க்கிழமை நடைபெற்ற மேற்கண்ட பணிக்கான நேர்காணலில் கலந்துகொள்ள வாய்ப்பளித்தமைக்கு எனது மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் பணியாற்ற மிகுந்த ஆர்வத்துடன் உள்ளேன் என்பதை இத்தருணத்தில் மீண்டும் தெரிவித்துக்கொள்ள விரும்புகிறேன். எனது விண்ணப்பத்தின் தற்போதைய நிலை குறித்துத் தாங்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். தங்கள் மேலான பதிலை ஆவலுடன் எதிர்நோக்குகிறேன்.

இலக்கணம் சரி. பணிவும் இருக்கிறது. ஆனால் மூன்று நாள் முன்னால் முக்கால் மணி நேரம் சிரித்துப் பேசிய ஆள், திடீரென்று கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது. இந்த மெயிலில் விறைப்பு எங்கே இருக்கிறது என்று தேடினால், "மதிப்பிற்குரிய" என்ற சொல்லில் அவ்வளவாக இல்லை. உறவை முதலிலிருந்து ஆரம்பிப்பதில்தான் இருக்கிறது. எப்போது இன்டர்வியூ நடந்தது, எந்த வேலைக்கு, யார் வாய்ப்பளித்தார் என்று அவருக்கே தெரிந்ததையெல்லாம் அவரிடமே சொல்கிறார். அறிமுகமில்லாதவரிடம்தான் நாம் அப்படிப் பேசுவோம். அதனால் படிக்கிறவருக்கும் தன்னை அறிமுகமில்லாதவராக நினைக்கிறார் என்ற எண்ணம் வந்துவிடும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. இதை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். இப்படி ஒரு மெயில் வந்தால் அதற்கு இதே தோரணையில் பதில் எழுத வேண்டும் என்று தோன்றும். ஒரு மீட்டிங்குக்கும் அடுத்த மீட்டிங்குக்கும் நடுவில், போனில், நின்றுகொண்டே அதைச் செய்ய முடியாது. சரி, சாயங்காலம் உட்கார்ந்து எழுதலாம் என்று தள்ளிவைப்பேன். சாயங்காலம் வேறு இருபது மெயில் மேலே வந்து உட்கார்ந்திருக்கும். அதே கேள்வி ஒரு வரியில் வந்திருந்தால் "இன்னும் இல்லை, புதன்கிழமை தெரியும்" என்று அந்த இடத்திலேயே தட்டிவிட்டிருப்பேன். ஆகவே அளவைப் பொருத்திக்கொள்வதால் முதல் நன்மை, பதில் சீக்கிரம் வரும்.

சரி, அவர் அளவில் எழுதிப் பார்ப்போம். முதல் முயற்சி:

> வணக்கம்! வெள்ளிக்குள் சொல்வதாகச் சொல்லியிருந்தீர்கள், இன்னும் தகவல் வரவில்லை. ஏதாவது தெரிந்ததா? நன்றி!

அளவு சரியாக வந்துவிட்டது. இருந்தாலும் இதை நான் அனுப்பமாட்டேன். சுருக்கமாக எழுதும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் கனம் கூடிவிடும். "சொல்லியிருந்தீர்கள், இன்னும் வரவில்லை" என்று அடுத்தடுத்து வந்ததும் அது கணக்குக் கேட்கிற குரலாகிவிட்டது. நீங்கள் அந்த அர்த்தத்தில் எழுதவில்லை, ஆனால் அதைத் தணிக்க வேறு வாக்கியம் எதுவும் அங்கே இல்லை. நீளமான மெயிலில் இந்த முள் நன்றிகளுக்கு நடுவே மறைந்துவிடும், மூன்று வரி மெயிலில் அது மட்டும்தான் தெரியும்.

சரிசெய்ய மெயிலை நீட்ட வேண்டாம். அவர் தவறவிட்ட கெடுவைப் பிடிக்காமல், அவர் செய்துகொண்டிருந்த வேலையைப் பிடியுங்கள். டீமிடம் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னாரே, அந்த நூலை எடுங்கள்:

> வணக்கம்! டீமிடம் கருத்துக் கேட்பதாகச் சொன்னீர்கள், ஏதாவது தெரிந்ததா? இன்னும் நாளாகும் என்றாலும் பரவாயில்லை, ஒரு வரி சொன்னால் போதும். நன்றி!

16 சொற்கள். ஆரம்பமும் முடிவும் அவருடையதே. "டீமிடம்", "கருத்து" என்ற சொற்களும் அவருடையவை. வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, ஆனால் எதற்காக இன்று எழுதுகிறீர்கள் என்பது அவருக்கு உடனே புரியும். கடைசி வாக்கியத்தை நான் வேண்டுமென்றே சேர்த்தேன். சொன்ன நாளில் ரெக்ரூட்டர் பதில் சொல்லாததற்கு மிகச் சாதாரணமான காரணம், அவர் கையில் இன்னும் எதுவும் வந்து சேரவில்லை என்பதுதான். இன்டர்வியூ எடுத்தவர் தன் கருத்தை எழுதித் தராமல் இருப்பார், மேனேஜர் விடுப்பில் இருப்பார், உங்களுக்குப் பின்னால் இன்னும் ஒருவரைப் பார்க்க வேண்டியிருக்கும். "சொல்வதற்கு ஒன்றுமில்லையே, எதைச் சொல்வது" என்று அவர் பேசாமல் இருந்துவிடுகிறார். ஒன்றுமில்லை என்பதையும் ஒரு வரியில் சொல்லலாம் என்று நீங்கள் வழி திறந்துவிட்டால், அந்தச் சங்கடம் அவருக்குப் போய்விடும்.

அனுப்புமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். அவர் மெயிலை வாய்விட்டுப் படியுங்கள், மூச்சு விடாமல் அதன் கீழே உங்கள் மெயிலைப் படியுங்கள். இரண்டும் ஒரே பேச்சின் இரண்டு பக்கம் மாதிரி கேட்டால் சரி. உங்கள் முறை வரும்போது குரல் மாறி, முதுகு நிமிர்ந்து, ஏதோ மேடையில் வாசிக்கிற மாதிரி ஆனால், எந்த வாக்கியத்தில் அது நடந்தது என்று பார்த்து அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பெரும்பாலும் அது "தெரிவித்துக்கொள்கிறேன்" என்று முடிகிற வாக்கியமாகத்தான் இருக்கும்.

இனி மரியாதை பற்றி. உங்கள் பயம் புரிகிறது. நம் மொழியில் மரியாதை வினைமுற்றிலேயே இருக்கிறது. "சொன்னீர்கள்", "சொல்லுங்கள்" என்று எழுதும்போது அவரை நீங்கள் உரிய இடத்தில்தான் வைத்திருக்கிறீர்கள். "நீங்கள்" என்பதைத் "தாங்கள்" ஆக்குவதால் மரியாதை கூடுவதில்லை, தூரம்தான் கூடுகிறது. நான் கடைப்பிடிக்கிற அளவு இது: அவர் நிற்கிற படியிலேயே நில்லுங்கள், சந்தேகமாக இருந்தால் அரைப் படி மேலே, ஒருபோதும் அவருக்குக் கீழே போகாதீர்கள். அவர் "ஓகே பை" என்று முடித்தால் நீங்கள் "சரி, நன்றி" என்று முடியுங்கள். அவர் சொற்களைச் சுருக்கி, புள்ளி வைக்காமல் எழுதினால் நீங்கள் முழுச் சொல்லாக, புள்ளி வைத்து எழுதுங்கள், ஆனால் அதே அளவு குறைவாக. அவர் சிரிப்புப் பொம்மை போட்டால் பதிலுக்கு நீங்களும் ஒன்று போடலாம், முதலில் போடுகிறவர் நீங்களாக இருக்க வேண்டாம். தன் நிறுவனத்தின் தாமதத்தை அவரே கிண்டல் செய்தால் சிரித்துக்கொண்டு விட்டுவிடுங்கள், நீங்களும் சேர்ந்து கிண்டல் செய்யாதீர்கள். அவர் எவ்வளவு தூரம் போகிறார், எவ்வளவு எழுதுகிறார் என்பதைத்தான் நாம் பின்பற்றுகிறோம். அவருடைய பழக்கங்களையெல்லாம் நகலெடுத்தால் பார்த்து எழுதியது தெரிந்துவிடும், அது விறைப்பைவிட மோசம்.

சார், மேடம் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். முதல் மெயிலில் அப்படி எழுதினால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். அவர் கையெழுத்திடுகிற இடத்தைப் பாருங்கள். பதவி, தொலைபேசி எண் என்று நிற்கிற அந்தத் தானியங்கிக் கட்டத்தைச் சொல்லவில்லை, அதற்கு மேலே அவரே தட்டச்சு செய்கிற பெயரை. அங்கே அவர் பெயரை மட்டும் போட்டு முடிக்க ஆரம்பித்துவிட்டார் என்றால், அடுத்த மெயிலில் "வணக்கம்" என்று எழுதி அந்தப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அது உங்களுக்கு உறுத்தினால் வெறும் "வணக்கம்" போதும், அது எங்கேயும் இடறாது.

அளவு என்றதும் வரியை எண்ணிப் பொருத்துவது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இதில் நல்ல விண்ணப்பதாரர்கள்கூடத் தடுக்கி விழுவார்கள். ரெக்ரூட்டர் ஒரே வரியில் "எப்போது சேர முடியும், எதிர்பார்ப்பு என்ன, பழைய மேனேஜர் யாரிடமாவது பேசலாமா?" என்று கேட்பார். வரி ஒன்றுதான், கேள்வி மூன்று. நீங்களும் ஒரு வரியில் பதில் சொல்லப் போய், முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிட்டால், அவர் இன்னொரு மெயில் எழுத வேண்டியிருக்கும். எத்தனை கேள்வியோ அத்தனை பதில், ஒவ்வொன்றும் அவர் கேட்ட அதே எளிமையில்:

> வணக்கம்! நோட்டீஸ் பீரியட் இரண்டு மாதம், பேசி ஆறு வாரமாக்கலாம். சம்பளம் பற்றி நேரில் பேசியபோது சொன்ன தொகைதான், மாற்றமில்லை. பழைய மேனேஜரிடம் இன்று கேட்டுவிட்டு அவர் எண்ணை நாளைக்கு அனுப்புகிறேன். நன்றி!

அவர் எழுதியதைவிட இது ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம். இருந்தாலும் நீளமாகத் தெரியாது, ஏனென்றால் கேட்காத எதுவும் இதில் இல்லை. மறுபுறம், சில ரெக்ரூட்டர்கள் அன்பாக, நீளமாக எழுதுவார்கள். டீம் எப்படி, வேலை எப்படி, உங்களிடம் என்ன பிடித்தது என்று இரண்டு பத்தி வரும். அதற்கு இரண்டு பத்தி திருப்பி எழுத வேண்டியதில்லை. பாதி போதும். ஆனால் அவர் சொன்னதில் ஒரு குறிப்பிட்ட விஷயத்தையாவது தொட்டுப் பேசுங்கள். அவ்வளவு எழுதியவருக்கு "நன்றி, காத்திருக்கிறேன்" என்று மட்டும் பதில் போனால் முகத்தில் கதவைச் சாத்தின மாதிரி இருக்கும். அப்புறம், "சரி, பார்த்துச் சொல்கிறேன்" என்று அவர் பேச்சை முடித்திருந்தால் அதற்குப் பதிலே வேண்டாம். அந்த இடத்தில் பொருத்தமான அளவு பூஜ்யம்.

நடுவில் தொனி மாறுவதுண்டு. நேற்றுவரை சிரித்துப் பேசியவர் இன்று ஒற்றை வரியில், வணக்கம்கூட இல்லாமல் எழுதுவார். அதைப் பார்த்ததும் நம் மனது "முடிந்தது, வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்" என்று ஓடும். பதிலுக்கு நாமும் முறைப்பாக எழுதிவிடுவோம், அல்லது பயந்து பழைய விண்ணப்ப நடைக்குத் திரும்பிவிடுவோம். இரண்டும் வேண்டாம். முதலில் மெயிலில் வேறு யாராவது சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்று முகவரி வரியைப் பாருங்கள். மேனேஜரோ இன்னொரு எச்ஆரோ நகலில் இருந்தால் அவர் அலுவலகக் குரலுக்கு மாறியிருக்கிறார், அவ்வளவுதான். நீங்களும் அரைப் படி ஏறி எழுதுங்கள், பதில் எல்லோருக்கும் போகிற மாதிரி அனுப்புங்கள். யாரும் சேரவில்லை என்றால் அவசரத்தில் போனிலிருந்து அடித்ததாகத்தான் இருக்கும். அளவில் மட்டும் அவரைப் பின்பற்றுங்கள், கதகதப்பில் முந்தைய மெயிலைப் பின்பற்றுங்கள். அதாவது ஒற்றை வரிதான் எழுதுகிறீர்கள், ஆனால் வணக்கமும் நன்றியும் இருக்கும். குறுகியதற்குக் குறுகியது சரி, வறண்டதற்கு வறண்டது வேண்டாம்.

கவனிக்க வேண்டிய மாற்றம் வேறொன்று. கைப்பட எழுதிவந்தவரிடமிருந்து திடீரென்று "தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது, உரிய நேரத்தில் தெரிவிக்கப்படும்" என்று டெம்ப்ளேட் குரல் வந்தால், அவர் வெளிப்படையாகப் பேச முடியாத நிலையில் இருக்கிறார் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். வேறு ஒருவருக்கு ஆஃபர் கொடுத்துவிட்டு அவர் ஒப்புக்கொள்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருக்கலாம், அந்த இடத்தையே நிறுத்தி வைத்திருக்கலாம். இந்த நேரத்தில் பழைய தோழமையோடு "என்ன ஆச்சு, ஏதாவது சொல்லுங்களேன்" என்று எழுதினால் அவருக்குத் தர்மசங்கடம். "தகவலுக்கு நன்றி. முடிவு தெரிந்ததும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்" என்று எழுதிவிட்டு, மற்ற விண்ணப்பங்களைக் கவனியுங்கள்.

பதிலே வராவிட்டால்? அப்போது பின்பற்ற அவருடைய புது மெயில் எதுவும் இல்லை. கடைசியாக நிற்பது உங்களுடையது. ஒரு வாரம் விட்டு இரண்டாவது மெயில் எழுதலாம், ஆனால் அது முதலாவதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். நம் கை எதிர்ப்பக்கம் போகும். முதல் மெயில் வேலை செய்யவில்லை, விளக்கமாக எழுதினால் புரிந்துகொள்வார் என்று நீட்டத் தோன்றும். உங்கள் பக்கம் அடுக்கடுக்காக நீளும்போது அவருடைய மௌனம் இன்னும் பெரிதாகத் தெரியும், பதில் சொல்வது இன்னும் கஷ்டமாகும். "வணக்கம்! போன வாரம் கேட்டது பற்றி ஏதாவது தெரிந்ததா?" என்பதோடு நிறுத்துங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் மூன்றாவதாக ஒன்று எழுதுவேன், அதில் கேள்வி இருக்காது. "இந்த வேலை முடிவாகியிருந்தால் பரவாயில்லை, பின்னால் பொருத்தமாக ஏதாவது வந்தால் சொல்லுங்கள்" என்ற அளவில். அதற்கு மேல் போகமாட்டேன்.

ஒரு இடத்தில் மட்டும் அவர் அளவைப் பின்பற்றவே கூடாது. முடிவான சம்பளத் தொகை, முடிவான சேரும் தேதி, ஆஃபரை ஏற்பது, விலகிக்கொள்வது ஆகிய நான்கும் வரும்போது அவர் எவ்வளவு சுருக்கமாக எழுதினாலும் நீங்கள் முழுதாக எழுத வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நான் வேலை மாறியபோது ஒரு ரெக்ரூட்டர் மிகத் தோழமையாகப் பேசுவார். போனில் இரண்டு தொகை பேசினோம், முதலில் ஒன்று, இரண்டு நாள் கழித்துக் கொஞ்சம் கூட்டி இன்னொன்று. கடைசியில் "சரிதானே?" என்று ஒரே சொல்லில் மெயில் போட்டார். நானும் அவர் பாணியிலேயே "சரி, அந்தத் தொகை ஓகே" என்று எழுதினேன். எங்கள் இரண்டு பேருக்கும் அது இரண்டாவது தொகை. ஆனால் அவர் அந்த மெயிலை ஆஃபர் லெட்டர் தயாரிக்கிறவருக்கு அப்படியே அனுப்பிவிட்டு விடுப்பில் போய்விட்டார். அந்த மனிதர் பழைய படிவத்தில் இருந்த முதல் தொகையைப் போட்டு லெட்டர் அனுப்பினார். திருத்தி வாங்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் பழைய இடத்தில் ராஜினாமா கொடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மாதிரி மெயில்கள் நீங்கள் பேசிக்கொண்டிருக்கிற ஆளோடு நிற்பதில்லை. உங்கள் பேச்சை ஒரு வரிகூடப் பார்க்காத நாலு பேர் கைக்குப் போகும். அவர்களுக்காக எழுத வேண்டும். தொனியை மாற்ற வேண்டியதில்லை. "சரி, நேற்று போனில் பேசிய இரண்டாவது தொகைக்கு ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதி, தொகையை எண்ணாலும் எழுத்தாலும் போட்டு, சேரும் தேதியையும் சேர்த்துவிட்டால் போதும். குரல் அதே குரல், விவரம் மட்டும் முழுசாக இருக்கும். மெயிலை விட்டுவிட்டுச் செய்திச் செயலியில் பேச ஆரம்பித்திருந்தாலும் இந்த நான்கு விஷயத்துக்கு மட்டும் மெயிலுக்குத் திரும்பிவிடுங்கள்.

இனி உங்கள் மெயில். வெள்ளி தாண்டியதும் சனிக்கிழமை எழுத வேண்டாம், திங்கள் காலையும் வேண்டாம். திங்கள் காலை வார இறுதியில் சேர்ந்த மெயில் குவியலுக்கு நடுவில் உங்களுடையதும் போய்விடும். செவ்வாய் காலை எழுதுங்கள். அவர் கடைசியாக எழுதிய மெயிலைத் திறந்து அதற்கே பதில் போடுங்கள், பொருள் வரியைத் தொடாதீர்கள். அங்கே Re: என்று நின்று, கீழே அவர் எழுதியது தெரிந்துகொண்டிருந்தால், நீங்கள் யார், எந்த வேலை என்று விளக்கவே வேண்டாம். புதுத் தலைப்பில் புது மெயில் ஆரம்பித்தால் அறிமுகம் தேவைப்படும், அறிமுகம் வந்ததும் பழைய விறைப்பும் கூடவே வந்துவிடும். மேலே எழுதிக் காட்டிய அந்த 16 சொற்களை உங்கள் வாய்க்கு ஏற்ற மாதிரி ஒன்றிரண்டு மாற்றிக்கொண்டு அனுப்பிவிடுங்கள்.

அவரிடமிருந்து "மன்னிக்கவும், இன்னும் வரவில்லை, வியாழன் சொல்கிறேன்" என்று பதில் வந்தால், "சரி, வியாழன் பேசலாம். நன்றி!" என்று எழுதுங்கள். அதில் உங்கள் ஆர்வத்தை மறுபடி தெரிவிக்க வேண்டாம், அவருக்கு அது தெரியும்.